ஆர்டிஎக்ஸ் 2050-ஆ, ரேடியான் 780எம்-ஆ? முதலில் ராம் பட்டைகளை எண்ணுங்கள்

"அண்ணே, தம்பி மதுரையில காலேஜ் சேர்ந்திருக்கான், ஹாஸ்டல்லதான் தங்கப் போறான். ரெண்டு லேப்டாப் பார்த்து வச்சிருக்கோம், விலை கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஒண்ணுல 4 ஜிபி ஆர்டிஎக்ஸ் 2050 கார்டு இருக்கு. இன்னொண்ணுல கார்டே இல்ல. ரைசன் 7 8845எச்எஸ், அதுக்குள்ளேயே ரேடியான் 780எம் இருக்குன்னு சொல்றாங்க. வாலரன்ட், ஜிடிஏ 5, எப்பவாவது ஒரு புது கேம், அவ்வளவுதான் விளையாடுவான். கார்டு இல்லாததை வாங்கினா ஏமாந்துருவோமா?"

ஏமாற மாட்டீர்கள். கார்டு இல்லாத அந்த லேப்டாப்பில் ராம் இரண்டு பட்டைகளாகப் போடப்பட்டிருந்தால், அல்லது பலகையிலேயே பதித்த எல்பிடிடிஆர்5எக்ஸ் வகையாக இருந்தால், உங்கள் தம்பிக்கு அதுவே போதும். விடுதி வாழ்க்கைக்கு அதுவே வசதியும் கூட. ராம் ஒற்றைப் பட்டையாக இருந்து, இரண்டாவது பட்டைக்குக் கையில் பணமும் இல்லை என்றால் மட்டும் 2050-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு ராம் பட்டை இப்படித் தீர்ப்பையே மாற்றுவது விசித்திரமாகத் தோன்றலாம் என்பதால், காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிராபிக்ஸ் சில்லு, அது தனிக் கார்டாக இருந்தாலும் பிராசசருக்குள் அடங்கியதாக இருந்தாலும், ஒவ்வொரு பிரேமை வரையும்போதும் நினைவகத்திலிருந்து ஏராளமான படத்துண்டுகளை இழுத்துக்கொண்டே இருக்கிறது. எனவே சில்லுக்குள் எத்தனை கோர் இருக்கிறது என்பதோடு, நினைவகத்திலிருந்து அதற்கு வினாடிக்கு எவ்வளவு தரவு வந்து சேர்கிறது என்பதும் வேகத்தை முடிவு செய்கிறது. மேலூர்ப் பக்கத்து விவசாயிக்கு இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம். தனிக் கார்டு என்பது சொந்தக் கிணறு வைத்திருக்கும் வயல். உள்ளமைந்த கிராபிக்ஸ் என்பது பெரியாறு கால்வாயின் கடைமடை வயல். கால்வாயில் எவ்வளவு தண்ணீர் வந்தாலும் அது மற்றவர்களோடு பங்கு போட்டுக்கொள்ளும் தண்ணீர்தான். இங்கே அந்தப் பங்காளி பிராசசர். கிணறு சொந்தமானதுதான், ஆனால் அதன் ஆழம் எவ்வளவு என்பது வேறு கேள்வி.

இப்போது கணக்கைப் பார்ப்போம். டிடிஆர்5-5600 ராம் ஒரு பட்டை மட்டும் இருந்தால், 5600-ஐ 8 பைட்டால் பெருக்க, வினாடிக்கு 44.8 ஜிபி வருகிறது. இரண்டு பட்டைகள் இருந்தால் பாதை இரட்டிப்பாகி 89.6 ஜிபி ஆகிறது. பலகையில் பதித்த எல்பிடிடிஆர்5எக்ஸ்-7500 என்றால் 120 ஜிபி. ஆர்டிஎக்ஸ் 2050-க்கு 64 பிட் அகலமே உடைய பாதைதான் கொடுத்திருக்கிறார்கள், அதில் வருவது வினாடிக்கு 112 ஜிபி. ஒரே தலைமுறையைச் சேர்ந்த 4 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050-க்கு 128 பிட் பாதை இருக்கிறது; இரண்டிலும் 2048 கோர்தான் என்றாலும் 2050 பின்தங்குவதற்கு முதன்மையான காரணம் இந்தக் குறுகிய பாதைதான். தனிக் கார்டுகளிலேயே அடித்தட்டில் இருக்கும் 2050-உம், நல்ல ராம் போட்ட புதிய உள்ளமைந்த கிராபிக்ஸும், நினைவக வேகத்தைப் பொறுத்தவரை ஏறத்தாழ ஒரே படிக்கட்டில் வந்து நிற்கின்றன என்பதை இந்த எண்களிலிருந்தே காணலாம். நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் இந்த ஒப்பீட்டுக்கே இடமிருந்திருக்காது.

இருந்தாலும் 2050-இன் 112 ஜிபி முழுவதும் அதற்கே உரியது, 780எம்-இன் 89.6 ஜிபியில் பிராசசரும் கை வைக்கும். அதனால் முழு மின்சக்தி கொடுக்கப்பட்ட 2050, இரண்டு பட்டை ராம் போட்ட 780எம்-ஐ விடப் பெரும்பாலான கேம்களில் ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை முன்னே நிற்கும். அந்த வேறுபாடு உண்மையானது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஒற்றைப் பட்டையோடு வரும் 780எம்-க்கு 44.8 ஜிபிதான் கிடைக்கிறது, அதிலும் பங்கு போட வேண்டும். அப்போது வேறுபாடு மூன்றில் ஒரு பங்கோடு நிற்காமல், தனிக் கார்டு ஒன்றரை மடங்கைத் தாண்டி ஓடும். சில்லு ஒன்றுதான், பெயர் ஒன்றுதான், பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரும் ஒன்றுதான்.

சென்ற கோடையில் மேலூரிலிருந்து ஒரு மாணவர் நீங்கள் சொன்ன அதே 8845எச்எஸ் பிராசசரோடு ஒரு லேப்டாப்பை என் கடைக்குக் கொண்டுவந்தார். ஜிடிஏ 5 திணறுகிறது, விற்ற கடைக்காரர் பழைய சரக்கைத் தள்ளிவிட்டார் என்பது அவருடைய புகார். டாஸ்க் மேனேஜரில் Performance பகுதிக்குப் போய் Memory என்பதை அழுத்தினோம். வலப்பக்கத்தில் சிறிய எழுத்தில் Slots used: 1 of 2 என்று இருந்தது. 16 ஜிபியையும் ஒரே பட்டையாகப் போட்டு விற்றிருந்தார்கள். இதை ஏமாற்று என்று சொல்ல முடியாது, ஏனெனில் பட்டியலில் 16 ஜிபி என்றுதான் இருந்தது, 16 ஜிபிதான் வந்தது. ஒரு பட்டையாகப் போட்டால் தயாரிப்பவருக்குச் செலவும் குறைவு, பின்னால் ராம் கூட்டிக்கொள்ள ஓர் இடமும் காலியாக இருக்கிறது என்று விற்பவருக்குச் சொல்லிக்கொள்ளவும் வசதி. விளையாடுகிறவருக்கு மட்டும்தான் அதில் நட்டம்.

கீழ்மூடியைக் கழற்றி, பேட்டரி இணைப்பைப் பிடுங்கிவிட்டு, அதே 5600 வேகத்தில் இன்னொரு 16 ஜிபி பட்டையைச் சாய்வாகச் செருகி, இரு பக்கக் கொக்கிகளும் சொடுக்கென்று பிடிக்கும்வரை அழுத்தினேன். பிறகு பொத்தானை அழுத்தியதும் விசிறி ஓடுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. மாணவரின் முகம் வெளுத்துவிட்டது. டிடிஆர்5 ராமை மாற்றியபின் முதல் முறை இயக்கும்போது, புதிய பட்டைகளுக்கு ஏற்ப பலகை தன்னைப் பழக்கிக்கொள்ள ஒரு நிமிடம், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். அந்த நேரத்தில் பதறிப்போய்ப் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிடாமல் இருந்தால் போதும். திரை வந்தது. ஜிடிஏ 5-இன் பழைய Legacy பதிப்பில் உள்ளேயே ஒரு சோதனை ஓட்டம் இருக்கிறது. அமைப்புகள் எதையும் மாற்றாமல் 1080பி தெளிவில் முன்னும் பின்னும் அதை ஓட்டிப் பார்த்தோம். முன்பு 45 பிரேமை ஒட்டி ஊசலாடிக்கொண்டிருந்தது, பின்பு 65-ஐ ஒட்டி நின்றது. வாலரன்டில் கூடிய அளவு இதைவிடக் குறைவு, ஏனெனில் அந்த கேம் கிராபிக்ஸைவிடப் பிராசசரையே அதிகம் நம்புகிறது. ஆனால் அது முன்பே நூற்றுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்ததால் அவருக்கு அதைப் பற்றிக் கவலையும் இருக்கவில்லை.

இதில் ஒரு நடைமுறைச் சங்கடம் இருக்கிறது. 2025-இன் பிற்பகுதியிலிருந்து ராம் விலை உலகெங்கும் கடுமையாக ஏறிவிட்டது. முன்பெல்லாம் "பிறகு ஒரு பட்டை போட்டுக்கொள்ளலாம்" என்று நான் அலட்சியமாகச் சொல்வதுண்டு. இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். கார்டு இல்லாத லேப்டாப் ஒற்றைப் பட்டையோடு வந்தால், இரண்டாவது பட்டையின் விலையையும் சேர்த்துத்தான் அதன் விலை என்று கணக்கிட்டு, அந்தத் தொகையை 2050 லேப்டாப்போடு ஒப்பிடுங்கள். இருப்பது 16 ஜிபி பட்டை என்றால், புதிதாகப் போடுவதும் அதே அளவு, அதே வேகம் என்றிருப்பது நல்லது. 5600-உக்குப் பக்கத்தில் 4800-ஐச் செருகினால் இரண்டுமே 4800-இல்தான் ஓடும்.

அடுத்து, கிணற்றின் ஆழத்துக்கு வருகிறேன். 2050-இல் இருப்பது 4 ஜிபி நினைவகம். அதைப் பிறகு கூட்டவே முடியாது. வாலரன்டுக்கு இது தாராளம், ஜிடிஏ 5-இன் பழைய பதிப்புக்கும் போதும். தம்பி "எப்போதாவது ஒரு புது கேம்" என்கிறாரே, அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. இன்றைய பெரிய கேம்களில் டெக்ஸ்சர் அமைப்பை நடுத்தரத்தில் வைத்தாலே 4 ஜிபி நிரம்பிவிடுவது சாதாரணம். நிரம்பியபின் கார்டு மீதித் தரவைக் கணினியின் ராமில் வைத்து, தன் சொந்த நினைவகத்தைவிடப் பலமடங்கு மெதுவான பாதை வழியாக இழுக்கத் தொடங்கும். இதன் அறிகுறி குறைந்த பிரேம் எண்ணிக்கை அல்ல என்பதுதான் பலருக்கும் புரிவதில்லை. எண்ணிக்கை 50 என்றே காட்டிக்கொண்டிருக்கும். ஆனால் வண்டியைத் திருப்பும்போதோ புதிய தெருவுக்குள் நுழையும்போதோ அரை வினாடி உறைந்து பிறகு நகரும், சுவர்களின் படம் மங்கலாக வந்து சற்றுக் கழித்துத் தெளியும். டாஸ்க் மேனேஜரில் கார்டின் பக்கத்தைத் திறந்தால் Dedicated GPU memory என்பது 4-ஐ முட்டிக்கொண்டும், அதன் கீழே Shared GPU memory ஏறிக்கொண்டும் இருப்பதைக் காணலாம். அப்போது முதலில் குறைக்க வேண்டியது டெக்ஸ்சர் தரத்தை. நிழலையும் தெளிவையும் குறைத்துப் பயன் அதிகம் இருக்காது.

780எம்-இல் கதை தலைகீழ். விண்டோஸ் வழக்கமாகக் கணினி ராமில் பாதி வரை கிராபிக்ஸுக்குப் பகிர விடுகிறது. 16 ஜிபி இருந்தால் ஏறத்தாழ 8 ஜிபி வரை அதனால் எடுத்துக்கொள்ள முடியும். அதனால் சராசரி பிரேம் குறைவாக இருந்தாலும் அந்த உறைதல் அரிது. இதற்கு மாறாக 8 ஜிபி ராம் மட்டுமே உள்ள லேப்டாப்பில், விண்டோஸும் கேமும் கிராபிக்ஸும் ஒரே பானையிலிருந்து அள்ள வேண்டியிருப்பதால், 780எம் இருந்தும் இல்லாததற்குச் சமம். அப்படிப்பட்டதை விளையாட்டுக்கென்று வாங்கவே வேண்டாம். சில கேம்கள் 780எம்-க்கென்று நிரந்தரமாக ஒதுக்கப்பட்ட 512 எம்பியை மட்டும் பார்த்துவிட்டு, நினைவகம் போதாது என்று முறையிடும். பயாஸில் UMA Frame Buffer Size என்ற அமைப்பு இருந்தால் அதை 2 அல்லது 4 ஜிபி ஆக்கினால் அந்த முறையீடு நின்றுவிடும்.

2050-க்கு உண்மையிலேயே சாதகமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். குறைந்த தெளிவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ் அதில் ஓடும், 780எம்-இல் அதே வேலையைச் செய்யும் எஃப்எஸ்ஆர்தான். பெரிய திரைகளில் இரண்டுக்கும் வேறுபாடு அவ்வளவாகத் தெரியாமல் போகலாம், ஆனால் 1080பி-யில் பெரிதாக்கும்போது மூலப்படம் ஏற்கெனவே சிறியது என்பதால், எஃப்எஸ்ஆரின் பழைய பதிப்புகள் இலைகளையும் கம்பிவேலிகளையும் மினுமினுக்க வைக்கும். டிஎல்எஸ்எஸ் அவற்றை ஒழுங்காகக் காட்டும். ஆனால் டிஎல்எஸ்எஸ் 3-இல் வந்த, இடையில் பிரேம்களை உண்டாக்கிச் செருகும் வசதி 40 வரிசைக் கார்டுகளிலிருந்துதான் தொடங்குகிறது. கடையில் யாராவது 2050-க்கும் அது உண்டு என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

மின்சாரமும் சூடும் நம் ஊரில் வெறும் குறிப்பு அல்ல. 2050-க்கு 30 வாட் முதல் 45 வாட் வரை கொடுக்கலாம் என்பது அதன் வரையறை; எவ்வளவு கொடுப்பது என்பதை லேப்டாப் தயாரிப்பவர் முடிவு செய்கிறார். மெலிந்த உடலில் 30 வாட்டோடு அடைத்த 2050, நான் மேலே சொன்ன முன்னிலையில் பெரும்பகுதியை இழந்து 780எம்-ஐ ஒட்டியே நிற்கும். என்விடியா கன்ட்ரோல் பேனலில் System Information என்பதைத் திறந்தால் இந்த வாட் எண் தெரியும். 780எம்-க்கும் இதே பாடம் உண்டு: 15 வாட்டில் கட்டிப்போட்ட மெலிந்த லேப்டாப்பில் அது திணறும், 30 வாட் வரை கொடுத்தால் நன்றாக ஓடும், அதற்கு மேல் கொடுத்தாலும் நினைவகம் தடுப்பதால் பெரிதாக ஏறாது.

சித்திரை, வைகாசியில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் விடுதி அறையில் வெப்பம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். 2050 லேப்டாப்பில் பிராசசரும் கார்டும் சேர்ந்து 80 வாட்டை ஒட்டிய சூட்டை ஒரே செப்புக் குழாயின் வழியாக வெளியேற்ற வேண்டும். 780எம் லேப்டாப்பில் எல்லாம் சேர்ந்தே 35 முதல் 54 வாட்டுக்குள் அடங்கிவிடும். விசிறியின் இரைச்சலிலும், மடியிலோ மெத்தையிலோ வைத்தால் எவ்வளவு நேரத்தில் வேகம் விழுகிறது என்பதிலும் இது தெரியும். கரண்ட் போய்விட்டால் வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. பேட்டரியில் ஓடும்போது தனிக் கார்டுக்குப் போகும் மின்சக்தியை லேப்டாப் கடுமையாக வெட்டிவிடும்; சார்ஜரில் 60 ஓடிய கேம் 30-க்கு இறங்குவது சாதாரணம். உள்ளமைந்த கிராபிக்ஸிலும் சரிவு உண்டு, ஆனால் பெரும்பாலும் அவ்வளவு ஆழமாக இருக்காது. வகுப்புக்குத் தினமும் தூக்கிக்கொண்டு போகிறவருக்கு, செங்கல் போன்ற சார்ஜருக்குப் பதிலாக டைப்-சி சார்ஜரே போதும் என்பதும் ஒரு கணக்குதான்.

பெயர்களில் இருக்கும் கண்ணிகளையும் கவனியுங்கள், ஏனெனில் கடையில் 780எம் இருப்பில் இல்லை என்று வேறொன்றைக் காட்டக்கூடும். "ரைசன் 7000 வரிசை" என்ற ஒரே பெயருக்குள் மிகப் பெரிய ஏற்றத்தாழ்வு இருக்கிறது. 7840எச்எஸ்-இல் 12 கணக்கீட்டு அலகுகள் கொண்ட அதே 780எம் இருக்கிறது. 7520யூ-வில் இருப்பதோ இரண்டே அலகுகள் கொண்ட 610எம். 7530யூ என்பது பழைய வேகா கிராபிக்ஸையே சுமந்து வருவது. 7435எச்எஸ்-இல் உள்ளமைந்த கிராபிக்ஸே கிடையாது, தனிக் கார்டோடுதான் வரும். புதியது என்பதாலேயே வேகமானது என்றும் எண்ண வேண்டாம்: ரைசன் ஏஐ 7 350-இல் வரும் 860எம்-இல் 8 அலகுகள்தான், அதைவிட மூத்த 780எம்-இல் 12. இன்டெல் பக்கத்தில் ஒரு விசேஷம் உண்டு. ஆர்க் கிராபிக்ஸ் உள்ள கோர் அல்ட்ரா பிராசசருக்கு ஒற்றைப் பட்டை ராம் போட்டால், விண்டோஸில் அது Intel Arc Graphics என்று காட்டாமல் வெறும் Intel Graphics என்றே காட்டும். குறையைத் தானே பெயரில் ஒப்புக்கொள்ளும் அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

இதற்கு மேற்பட்ட உள்ளமைந்த கிராபிக்ஸும் இருக்கின்றன. 16 அலகுகள் கொண்ட ரேடியான் 890எம், பிராசசரோடு சேர்த்தே பதித்த 8533 வேக ராம் கொண்ட இன்டெல் ஆர்க் 140வி ஆகியவை 2050-இன் தோளைத் தொட்டுவிடுகின்றன. ஆனால் அவை வரும் லேப்டாப்களின் விலைக்கு 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 4050 கொண்ட லேப்டாப் வந்துவிடும். அது இவற்றைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு ஓடும். எடை குறைவும் நீண்ட பேட்டரியும் வேண்டுமானால் முந்தையவை, விளையாட்டுதான் முதன்மை என்றால் 4050. உங்கள் தொகை அந்த இடத்துக்கு ஏறுமானால் 2050-ஐயும் 780எம்-ஐயும் இரண்டையும் விட்டுவிட்டு அங்கே போய்விடுங்கள் என்பதே என் கருத்து. 4 ஜிபி 3050 இடைப்பட்டது. 2050-ஐவிட வேகமானது, ஆனால் அதே ஆழமற்ற கிணறு.

கடைக்குப் போகும்போது இதைச் செய்யுங்கள். காட்சிக்கு வைத்திருக்கும் லேப்டாப்பில் ஸ்டார்ட் பொத்தானை வலது சொடுக்குச் செய்து டெர்மினலைத் திறந்து, இந்த ஒரு வரியைத் தட்டச்சிடச் சொல்லுங்கள்:

```
Get-CimInstance Win32_PhysicalMemory | Select-Object DeviceLocator, Capacity, Speed, ConfiguredClockSpeed
```

ஒரே ஒரு வரிசை வந்தால் ஒற்றைப் பட்டை, இரண்டு வந்தால் இரண்டு பட்டை. நான்கு வந்தால் அது பெரும்பாலும் பலகையில் பதித்த ராம், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ConfiguredClockSpeed என்பதன் கீழே 5600 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒற்றைப் பட்டை என்று தெரிந்தால், இரண்டாவது இடம் காலியாக இருக்கிறதா, அல்லது ராமின் ஒரு பகுதி பதித்தும் ஒரு பகுதி செருகியும் வருகிறதா என்று கேளுங்கள். மூடியைக் கழற்றினால் வாரன்டி போகுமா என்பதையும் வாய்மொழியாக விடாமல் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். மேலே சொன்ன மாணவர் இதைக் கேட்காமல் வாங்கியதால், என் கடையில் மூடியைக் கழற்றுவதற்கு முன் சேவை மையத்துக்கு இரண்டு முறை அலைந்தார்.